பறை 4 பேர், ரூபாய் 2

நெல்லித்தோப்பு சிக்னலிலிருந்து உள்ளே போனால் மூன்றாவது சந்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இப்போதும் சாவு விழுந்த வீட்டிலிருந்தும் கட்சி ஊர்வலத்திலிருந்தும் அவரைத்தான் முதலில் கூப்பிட வருவார்கள். அவர் வீட்டுச் சுவரில் ஒரு பழைய பறைச் சட்டம் தொங்குகிறது. தோல் போய்விட்டது, வேப்ப மரச் சட்டம் மட்டும் மிச்சம். அது அவருடைய தாத்தா அடித்தது.

கலைஞர் உதவித்தொகைக்கு அவர் மனு போட்டார். படிவத்தை நிரப்பிக் கொடுத்தது நாங்கள்தான். ஒரு மாதம் கழித்து வந்த பதிலில் ஒரே ஒரு கேள்வி இருந்தது. "பரம்பரைக் கலைஞர்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு ஆதாரம் என்ன? முன்னோர் தொடர்ந்து இந்தக் கலையில் இருந்ததற்கு ஏதாவது ஆவணம் உண்டா?

பெரியவர் சிரித்தார். "சட்டத்தக் கொண்டுபோய்க் காட்டுங்கப்பா" என்றார். நாங்கள் மூன்று பேர். மூன்று பேரும் சமூகவியல் படித்தவர்கள், காப்பகத்தில் உட்கார்ந்து பழகியவர்கள். தேடினால் கிடைக்காதா என்று ஒரு திமிர் எங்களுக்கு. தேடல் ஏழு மாதம் ஓடியது. என்ன கிடைத்தது, எங்கே கிடைத்தது, எங்கே ஏமாந்தோம் என்பதை எழுதி வைத்தால், உங்கள் ஊரில் இதே கேள்வியோடு அலையும் தோழர்களுக்கு உதவும்.

முதலில் கோயில் கணக்கு என்றால் என்னவென்று புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. புதுச்சேரி நகரத்தில் அதற்கு வழி குறைவு. 1748-இல் வேதபுரீசுவரர் கோயிலை இடித்தார்கள், ஆனந்தரங்கப் பிள்ளை அதைத் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். 1761-இல் ஆங்கிலேயர் நகரையே தரைமட்டமாக்கினார்கள். ஆக, இங்கே பழைய கோயில் கணக்கு என்று தேடப் போனால் கையில் அதிகம் எதுவும் சிக்காது. ஒரு கோயில் தன் ஆட்டக்காரர்களையும் மேளக்காரர்களையும் எப்படி எழுதி வைக்கும் என்று பார்க்க, நாங்கள் தஞ்சாவூருக்குப் போனோம். பெரிய கோயில் திருச்சுற்று மாளிகைச் சுவரில், இராஜராஜனின் 29-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1014-இல் வெட்டிய கல்வெட்டு அது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் அச்சாகியிருக்கிறது. எந்தப் பல்கலைக்கழக நூலகத்திலும் எடுத்துப் படிக்கலாம்.

அதில் 400 பெண்களின் பெயர் இருக்கிறது. சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள். சும்மா "நடனப் பெண்கள் 400" என்று எழுதிவிடவில்லை. எந்தச் சேரி, தெருவின் எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், பெயர் என்ன, பங்கு எத்தனை என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதியிருக்கிறது. தெற்குத் தளிச்சேரியின் தென்சிறகில் தலைவீடு நக்கன் சேரமங்கைக்கு. இன்னொரு பெண்ணின் பெயர் எடுத்தபாதம். தில்லையில் தூக்கிய திருவடியின் பெயரையே ஒரு பெண்ணுக்கு வைத்திருக்கிறார்கள். அதைப் படித்ததும் எங்களில் ஒருவர் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு ஆட்டக்காரியின் வீட்டு எண் வரைக்கும் நமக்குத் தெரிகிறது. எழுபது ஆண்டுக்கு முந்தைய ஒரு பறையடிப்பவரின் பெயருக்கு நாம் அல்லாடுகிறோம்.

ஏன் அந்தப் பெண்களை அவ்வளவு துல்லியமாக எழுதினார்கள்? பாசத்தினால் இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. ஒரு பங்கு என்றால் ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஆடவல்லான் என்ற மரக்காலால் அளந்து கொடுக்க வேண்டும். நட்டுவம் செய்பவருக்கு இரண்டு பங்கு. அந்தப் பங்குக்கு உரியவர் இறந்துபோனாலோ ஊரை விட்டுப் போனாலோ, அவரின் நெருங்கிய உறவினர் அந்த வேலையைச் செய்து பங்கைப் பெறலாம். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருவரை அமர்த்த வேண்டும். அப்படி ஒரு விதி வைத்துவிட்டால் பெயர் தேவைப்படும், வீடு தேவைப்படும். நாளைக்கு இந்தப் பங்கு யாருக்கு என்று சண்டை வந்தால் சுவரைப் பார்த்துச் சொல்ல வேண்டும் அல்லவா? உரிமை இருக்கும் இடத்தில்தான் பெயர் இருக்கும். நாங்கள் கற்றுக்கொண்ட முதல் பாடம் இது.

அந்தக் கல்வெட்டில் இரண்டு இடத்தில் நாங்கள் வழுக்கி விழுந்தோம். பெண்களின் பெயருக்கு முன்னால் எல்லாம் "நக்கன்" என்று வருகிறது. குடும்பப் பெயர் என்று நினைத்து, அதை வைத்து யாருக்கு யார் உறவு என்று வரைபடம் போட ஆரம்பித்தோம். அது சிவனுக்குரியவள் என்ற அடையாளம், எல்லோருக்கும் பொது. அதை வைத்து ஒரு தாயையோ மகளையோ கண்டுபிடிக்க முடியாது.

இரண்டாவது சறுக்கல் இன்னும் பெரியது. சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் "உவச்சப்பறை" என்று வரும். பறை என்ற சொல்லைப் பார்த்ததும் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. இதோ நம் ஆட்கள் கோயிலுக்குள்ளேயே அடித்திருக்கிறார்கள் என்று மூன்று பேரும் துள்ளினோம். எங்கள் ஆசிரியர் ஒருவரிடம் தொலைபேசியில் சொன்னோம். அவர் நிதானமாகக் கேட்டார்: "பறைங்கிறது அங்க கருவியா, சாதியா?" அந்தக் காலத்தில் பறை என்பது தோற்கருவிக்குப் பொதுப்பெயர். உவச்சர் என்பவர்கள் கோயிலில் கொட்டுவதற்கென்றே இருந்த வேறொரு கூட்டம். சொல் ஒன்று என்பதால் ஆளும் ஒன்று ஆகிவிடாது. மேடையில் இதைச் சான்றாகக் காட்டும் தோழர்கள் உண்டு. எதிர்த்தரப்பில் கல்வெட்டு படித்த ஒருவர் இருந்தால் அன்றைக்கு நம் மொத்த வாதமும் போய்விடும்.

அப்படியானால் அதே கோயிலின் கணக்கில் பறையர் எங்கே? இருக்கிறார்கள். வேறு பக்கத்தில் இருக்கிறார்கள். கோயிலுக்குக் கொடுத்த ஊர்களின் நிலத்தை அளந்து எழுதும் பகுதியில். ஊர் நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரி, கம்மாணச்சேரி என்று வரிசையாகச் சொல்லி, இவ்வளவு நிலத்துக்கு வரி கிடையாது, மொத்தத்திலிருந்து கழித்துக்கொள் என்று எழுதியிருக்கிறது. தீண்டாச்சேரி என்ற சொல்லும் அங்கே இருக்கிறது. சில ஊரில் "உழப்பறையர்" இருக்கும் சேரி என்று வருகிறது. உழுகிற பறையர். ஆக, அந்தச் சுவரில் நம் ஆட்கள் ஆட்களாக இல்லை, கழிக்க வேண்டிய நிலமாக இருக்கிறார்கள். தொழில் என்று எழுதியதும் உழவுதான், கொட்டு இல்லை. நூறு கலம் நெல் விளைய வைத்தவருக்குப் பெயர் கிடையாது. அந்த நெல்லில் பங்கு வாங்கியவருக்குப் பெயர் உண்டு.

இதைப் படிக்கும் சிலர் கேட்பீர்கள், கோயிலை விட்டுவிட்டு, காசு கொடுத்து ஆட வைத்த தனியாரின் காகிதத்தைத் தேடலாமே என்று. அதையும் பார்த்தோம். அதற்குப் புதுச்சேரியிலேயே ஒரு பெரிய கதை இருக்கிறது. 1838-இல் தார்திவேல் என்ற பிரெஞ்சுக்காரர் ஒப்பந்தம் போட்டு, ஐந்து தேவதாசிகளையும் மூன்று மேளக்காரர்களையும் இங்கிருந்து பிரான்சுக்குக் கப்பலேற்றிக்கொண்டு போனார். கடலூருக்குப் பக்கத்தில் இருக்கும் திருவந்திபுரம் பெருமாள் கோயிலைச் சேர்ந்தவர்கள். பாரிசில் ஆடினார்கள், லண்டனில் அடெல்ஃபி அரங்கில் ஆடினார்கள். தியோஃபில் கோத்தியே என்ற எழுத்தாளர் அவர்களைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினார். ஓகுஸ்த் பார் என்ற சிற்பி அவர்களில் அம்மணி என்ற பெண்ணை வெண்கலச் சிலையாக வடித்தார்.

பிரெஞ்சுப் பத்திரிகைகள் அவர்கள் பெயரை எழுதிய விதம் வேடிக்கை. தில்லே அம்மாலே, அமனி, ரம்கூன், சவுந்திரூன், வெய்தூன். மேளக்காரர்களில் ஒருவர் தெவெனெயகோர்ன். நாங்கள் அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தோம். மூக்கால் பேசும் பிரெஞ்சுக்காரன் காதில் நம் "அம்" என்ற முடிவு "ஊன்" என்று விழுந்திருக்கிறது. தில்லையம்மாள், அம்மணி, ரங்கம், சௌந்தரம், வேதம் என்று நாங்கள் படித்துக்கொண்டோம். தெவெனெயகோர்ன் யார்? தெய்வநாயகம். திருவந்திபுரத்துப் பெருமாளின் பெயர் தெய்வநாயகன். எந்தக் கோயில் என்று வேறு ஆதாரமே இல்லாவிட்டாலும், அந்த மேளக்காரரின் பெயரே கோயிலைக் காட்டிக்கொடுத்திருக்கும். பிரெஞ்சுக் காகிதத்தில் பெயரைத் தேடுபவர்கள் கண்ணால் படிக்கக் கூடாது, காதால் படிக்க வேண்டும். இந்தப் பழக்கம் பின்னால் எங்களுக்கு ரொம்பவும் கைகொடுத்தது.

ஆனால் அந்தக் காகிதமும் வாங்கியவனின் காகிதம்தான். அம்மணிக்கு வயது 18, வேதத்துக்கு 6 என்று எழுதியிருக்கிறார்கள், ஏனென்றால் சுவரொட்டியில் போட வயது தேவைப்பட்டது. ஆறு வயதுக் குழந்தையை எதற்குக் கப்பலேற்றினீர்கள் என்று அதில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பாரிசுக்குப் போகும் முன் அவர்கள் என்னவாக வாழ்ந்தார்கள், எந்தத் தெருவில் யாருக்கு மகளாக இருந்தார்கள் என்பதெல்லாம் கணக்கில் சேராது. ஆட்டத்துக்கு வெளியே அவர்களுக்கு வாழ்க்கை இருந்ததாகவே அந்தக் காகிதம் காட்டிக்கொள்ளவில்லை.

இவ்வளவு சுற்றிவிட்டு நெல்லித்தோப்புக்குத் திரும்பினோம். பெரியவரின் தாத்தா யாருக்கு அடித்தார்? சாவு வீட்டுக்கு அடித்தார், அதற்குக் கணக்கு கிடையாது. கூலியும் கள்ளும் அன்றைக்கே முடிந்துபோகும். வருஷத்துக்கு ஒரு முறை ஓர் அம்மன் கோயில் ஆடித் திருவிழாவுக்கு அடித்தார் என்று பெரியவர் சொன்னார். அந்தக் கோயிலை நடத்திய குடும்பம் இன்றும் அருகிலேயே இருக்கிறது. பெயர் வேண்டாம். அவர்கள் வீட்டுப் பரணில் பழைய செலவுச் சிட்டைகள் இருந்தன. முதல் மூன்று முறை போனபோதும் பரண் சாவி கிடைக்கவில்லை. நான்காம் முறை கிடைத்தது. எங்களைத் திண்ணையில் உட்கார வைத்துச் சிட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்து கொடுத்தார்கள். வீட்டுக்குள் மேசையும் மின்விசிறியும் இருந்தன. சரி, அதை விடுங்கள்.

பன்னிரண்டு சிட்டைகள் எங்கள் கைக்கு வந்தன. எதிலும் ஆங்கில ஆண்டு இல்லை. பார்த்திப, விய, சர்வசித்து என்று தமிழ் வருஷப் பெயர்தான். இந்தப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். ஜய வருஷம் என்றால் 1954-ஆகவும் இருக்கலாம், 1894-ஆகவும் இருக்கலாம். இதில்தான் பலர் ஒரு தலைமுறையையே தவறாக நகர்த்திவிடுகிறார்கள். எங்களுக்கு வழி காட்டியது காசு. ஹேவிளம்பி வருஷச் சிட்டையில் திடீரென்று அணா மறைந்து நயா பைசா வருகிறது. நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில். ஆகவே அந்த ஹேவிளம்பி 1957-தான், அதற்கு முந்தைய ஜய 1954-தான், முதல் சிட்டையின் பார்த்திப 1945. பேரேட்டின் எழுத்தும் மையும் ஒரே கையைக் காட்டின. தேதிகள் அப்படித்தான் உறுதியாயின.

ஒவ்வொரு சிட்டையிலும் திருவிழாச் செலவு ஒன்றரைப் பக்கம். நாயனக்காரருக்கு முழுப் பெயர் இருக்கிறது, சாதிப் பட்டத்தோடு, ஊரோடு. வாணக்காரருக்குப் பெயர் இருக்கிறது. பந்தல்காரர், பூக்காரர் எல்லோரும் பெயரோடு இருக்கிறார்கள். கீழே, ஏறக்குறைய கடைசியில், ஒரு வரி: "பறை 4 பேர் ரூ 2." அதற்கும் கீழே மேற்படி என்பதற்குப் போடும் ௸ என்ற குறியைப் போட்டு, "௸ பேருக்கு அரிசி" என்று அளவு. அவ்வளவுதான். நாங்கள் தேடி வந்த மனிதர் அந்த நாலு பேரில் ஒருவர். அந்த ௸ குறிக்குள் இருக்கிறார்.

அன்றைக்கு மனம் விட்டுப்போய்த் திரும்பி வந்தோம். இரண்டு நாள் கழித்து, பன்னிரண்டு ஆண்டுகளின் அந்த ஒரு வரியை மட்டும் வரிசையாக ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம். பெயர் இல்லாதபோது எண்ணிக்கையையும் தொகையையும் பிடித்துக்கொண்டு போவதுதான் ஒரே வழி. ஒரு சிட்டையைப் பார்த்தால் ஒன்றுமில்லை, பன்னிரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஏதோ அசைகிறது.

1945 முதல் 1953 வரை மாற்றமே இல்லை. நாலு பேர், இரண்டு ரூபாய். விலைவாசி ஏறியிருக்கிறது, நாயனக்காரரின் தொகை அந்த ஒன்பது ஆண்டில் ஏறத்தாழ இரண்டு மடங்காகியிருக்கிறது, பறைக்கு அதே இரண்டு ரூபாய். ஆளுக்கு எட்டணா. 1954 சிட்டையில் பறை வரி இல்லை. 1955-இலும் இல்லை. 1956-இல் மறுபடி வருகிறது, இப்படி: "வெளியூர் பறை 3 பேர் ரூ 7½, வண்டி ரூ 1."

1954-ஐப் பார்த்ததும் எங்களுக்கு முதலில் வந்த எண்ணம், அந்த ஆண்டு திருவிழாவே நடந்திருக்காது என்பதுதான். அந்த ஆடியில் புதுச்சேரியே கொதித்துக்கொண்டிருந்தது. அக்டோபர் 18-இல் கீழூரில் வாக்கெடுப்பு, நவம்பர் 1-இல் பிரெஞ்சுக்காரர் நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள். திருவிழா நின்றிருந்தால் ஆச்சரியமில்லை. ஆனால் அதே பக்கத்தில் நாயனக்காரருக்குத் தொகை இருக்கிறது, வாணம் இருக்கிறது, பூ இருக்கிறது. திருவிழா நடந்திருக்கிறது. பக்கம் கிழிந்திருக்குமோ என்றால், கடைசியில் கூட்டுத்தொகை சரியாக வருகிறது. கூட்டிப் பார்த்துவிட்டோம். ஆக, அன்றைக்கு யாரும் எழுத மறக்கவில்லை. பறை அடிக்கவில்லை.

கோயில்காரர்களே பறை வேண்டாம் என்று நிறுத்தியிருப்பார்களோ? 1956 அதற்குப் பதில் சொல்கிறது. வேண்டாம் என்று நிறுத்தியவர்கள் ஆளுக்கு இரண்டரை ரூபாய், அதாவது ஐந்து மடங்கு கொடுத்து, வண்டி அனுப்பி வெளியூரிலிருந்து கூட்டி வர மாட்டார்கள். அவர்களுக்குப் பறை வேண்டியிருந்தது. நெல்லித்தோப்பில் அடிக்க ஆள் வரவில்லை.

தாளை எடுத்துக்கொண்டு பெரியவரிடம் ஓடினோம். அவர் அப்போது கைக்குழந்தை, அவருக்கு நேரில் தெரிந்திருக்காது. வரி வரியாகப் படித்துச் சொன்னோம். 1954-இல் பறை இல்லை என்றதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்கம்மா சொல்லும்பா. தாத்தா ஒரு நாள் சட்டத்தச் சுவத்துல மாட்டிட்டு, இனிமே எவன் வாசல்லயும் நின்னு அடிக்க மாட்டோம்னு சொல்லிட்டாராம். நாலு பேரும் சேந்து சொன்னாங்களாம். அந்த வருஷம் பூரா எங்க வீட்டுல கூழுதான்னு சொல்லும். எந்த வருஷம்னு எனக்குத் தெரியாது."

தென்னார்க்காட்டில் இளையபெருமாள் போன்றவர்கள் பறையடிக்க மறுக்கும் போராட்டத்தை முன்னெடுத்தார்கள் என்று நாங்கள் படித்திருக்கிறோம். காட்டுமன்னார்கோவில் இங்கிருந்து வெகு தூரமில்லை. நெல்லித்தோப்பு நால்வருக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று எங்களிடம் சான்று இல்லை, அதனால் அப்படி எழுதவும் மாட்டோம். சிட்டையும் பெரியவரின் அம்மா சொன்னதும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன, அது போதும்.

மீதி இருந்தது பெயர். பிரெஞ்சு ஆட்சியில் பிறப்பு, இறப்பு, திருமணத்தைப் பதிவு செய்த எத்தா சிவில் பதிவேடுகள் புதுச்சேரியின் பெரிய வரம். தமிழ்நாட்டுத் தோழர்களுக்கு இந்த வசதி கிடையாது. தாத்தா இறந்த ஆண்டு குடும்பத்துக்கு ஓரளவு நினைவிருந்தது. பெயரை நம் எழுத்துக்கூட்டலில் தேடியபோது கிடைக்கவில்லை. அம்மணிப் பாடம் நினைவுக்கு வந்தது. பிரெஞ்சுக்காரன் காதால் யோசித்து, 'உ' வரும் இடத்தில் எல்லாம் அவர்கள் போடும் எழுத்துகளைப் போட்டுத் தேடினோம், கிடைத்துவிட்டது. பெயர், தகப்பன் பெயர், நெல்லித்தோப்பு, 1961. நல்லவேளை, அவர் 1881 ஆணையின்படி ரெனோன்சான் ஆகிப் புதுக் குடும்பப் பெயர் வாங்கியவர் இல்லை. வாங்கியிருந்தால் நூல் அங்கேயே அறுந்திருக்கும், அப்படிப் பல குடும்பங்களை இங்கே தேட முடியாமல் கைவிட்டிருக்கிறோம்.

தொழில் என்ற இடத்தில் "கூலி" என்று போட்டிருந்தது.

ஆக மொத்தம் எங்களிடம் இருப்பது இவ்வளவு. பெயர் இருக்கும் காகிதத்தில் பறை இல்லை. பறை இருக்கும் காகிதத்தில் பெயர் இல்லை. இரண்டையும் இணைப்பது ஒரு பாட்டி மகனிடம் சொன்ன சொல். தஞ்சாவூர்ச் சுவரில் தலைவீட்டுக்காரி என்று எழுதியது போல இவரை யாரும் எழுதவில்லை. இவருக்குப் பங்கு கிடையாது, ஆளுக்கு எட்டணாதான்.

இப்போது எங்களுக்குள் ஒரு தகராறு. படிவம் கேட்பது முன்னோர் "தொடர்ந்து" கலையில் இருந்ததற்கான ஆதாரம். நாங்கள் கண்டுபிடித்ததோ அவர் நிறுத்தியதற்கான ஆதாரம். 1953 வரையுள்ள சிட்டைகளை மட்டும் நகலெடுத்து வைத்து, மிச்சத்தைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றார் எங்களில் ஒருவர். உதவித்தொகை கிடைத்தால் பெரியவரின் மருந்துச் செலவுக்கு ஆகும், அதைவிடவா ஒரு கொள்கை பெரிது என்று கேட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இன்னொருவர் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த மனிதர் தன் வாழ்க்கையில் தானாக முடிவெடுத்துச் செய்த ஒரே காரியம் கணக்கில் விழுந்திருக்கிறது, அதுவும் வெற்றிடமாக விழுந்திருக்கிறது, அதை நாமே மறைப்பதா என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.

பேரன் எப்போது மறுபடி சட்டத்துக்குத் தோல் கட்டினார் என்று கேட்டோம். எண்பதுகளில் ஒரு இயக்கக் கூட்டத்துக்கு, மேடைக்கு முன்னால் நின்று அடிக்க என்றார். "தாத்தா வாசல்ல நின்னு அடிக்க மாட்டேன்னுதான சொன்னாரு. அடிக்கவே மாட்டேன்னு சொல்லலியே." அந்த வேறுபாட்டுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

கடைசியில் முடிவைப் பெரியவரிடமே விட்டோம். பன்னிரண்டு சிட்டைகளின் நகலையும் ஒன்றாகக் கோத்து அவர் கையில் கொடுத்தோம். அவர் 1956-ஆம் வருஷத் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, விரலால் தொகையைத் தடவி, வாய்க்குள் கணக்குப் போட்டார்.

"வெளியூர்க்காரனுக்கு ரெண்டரை ரூபாயா?" என்றார். "எல்லாத்தையும் வச்சு அனுப்புங்க."

அனுப்பியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.